ஆன்லைன் கோர்ஸுக்குக் கட்டிய பணத்தைத் திரும்பப் பெறுவது எப்படி? கோர்ஸ் ஏன் முதலில் பூட்டப்படுகிறது?

ஆன்லைன் கோர்ஸ் ஒன்றில் சேர்ந்து, அது சரிப்படாமல் பணத்தைத் திருப்பிக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் பதறுகிறார்கள். “உங்கள் ரீஃபண்ட் கோரிக்கை ஏற்கப்பட்டது” என்று மின்னஞ்சல் வருகிறது. சற்று நேரத்தில் கணக்கைத் திறந்தால் கோர்ஸைக் காணோம். வங்கிக் கணக்கிலோ பணம் வந்து சேரவில்லை. கோர்ஸும் போயிற்று, பணமும் போயிற்று என்ற எண்ணத்தில் வங்கிக்கு ஒரு புகார், நிறுவனத்துக்குக் கோபமாக ஒரு கடிதம், செயலியில் மறுபடி ஒரு கோரிக்கை என்று அனுப்பித் தள்ளுவார்கள். தானாக முடிந்திருக்க வேண்டிய விஷயம் அங்கேதான் சிக்கலாகிறது.

வீட்டிலும் நண்பர்கள் வட்டத்திலும் சிலருக்காக இந்த வழியில் நானே மல்லுக்கட்டியிருக்கிறேன். எங்கும் ஓரிடத்தில் தெளிவாக எழுதி வைக்காததால் ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. முதல்முறை ரீஃபண்ட் கேட்கப்போகும் ஒருவர் எந்த வரிசையில் என்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

1. நீங்கள் வாங்கியது எந்த வகை என்று முதலில் உறுதி செய்யுங்கள்

“ஆன்லைன் கோர்ஸ்” என்று ஒரே பெயரில் சொன்னாலும் பணம் கட்டும் முறை மூன்று விதம். ஒரே தொகையாகக் கட்டி ஒரு கோர்ஸை வாங்குவது முதல் வகை. மாதமோ ஆண்டோ சந்தா கட்டிப் பல கோர்ஸ்களைப் பார்ப்பது இரண்டாவது. பெரிய தொகைக் கோர்ஸுக்கு ஒரு நிதி நிறுவனத்திடம் கடன் ஏற்பாடு செய்து தவணையாகக் கட்டுவது மூன்றாவது. ரீஃபண்ட் விதி மூன்றுக்கும் வேறு வேறு.

முதல் வகையில் அவகாசம் ஓரளவு தாராளம். யுடெமியில் தனிக் கோர்ஸ் வாங்கினால் 30 நாட்கள் தருகிறார்கள். கோர்செராவில் ஒரே தொகையாகக் கட்டிய கோர்ஸுக்கு 14 நாட்கள். ஆனால் அந்த 14 நாட்களுக்குள்ளேயே நீங்கள் கோர்ஸை முடித்துச் சான்றிதழ் வாங்கிவிட்டால் ரீஃபண்ட் கிடையாது. உள்ளூர் நிறுவனங்களில் இந்த அவகாசம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பணம் கட்டும் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் ரீஃபண்ட் கொள்கையைத் திறந்து, கட்டுவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

இரண்டாவது வகையில் ஒரு வேறுபாட்டை மனத்தில் வையுங்கள். சந்தாவை ரத்து செய்வது வேறு, ரீஃபண்ட் கேட்பது வேறு. ரத்து செய்தால் அடுத்த மாதத் தொகை பிடிக்கப்படாது. கட்டிய காலம் முடியும்வரை வழக்கமாக நீங்கள் தொடர்ந்து பார்க்கலாம். ரீஃபண்ட் கேட்டு அது ஏற்கப்பட்டால் அன்றே கதவு மூடும். மாதச் சந்தாவுக்குப் பல தளங்கள் ரீஃபண்ட் தருவதே இல்லை. எனவே மாதம் முடிய இன்னும் மூன்று வாரம் இருந்து, கோர்ஸில் கொஞ்சமாவது பயன் இருந்தால், ரத்து மட்டும் செய்துவிட்டு மீதி நாட்களைப் பயன்படுத்துவதே நல்லது என்பேன். தளத்தில் ரத்து செய்த கையோடு, யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அந்த அனுமதியும் நீங்கிவிட்டதா என்று பாருங்கள். இரண்டும் வெவ்வேறு இடங்களில் பதிவாகியிருக்கும்.

ஐபோன் செயலிக்குள்ளிருந்து பணம் கட்டியிருந்தால் கோர்ஸ் நிறுவனத்தால் அதைத் திருப்பித் தர இயலாது. பணத்தை வாங்கியது ஆப்பிள். reportaproblem.apple.com என்ற பக்கத்தில்தான் கேட்க வேண்டும். இது தெரியாமல் நிறுவனத்தின் உதவி மையத்துக்கே எழுதிக்கொண்டிருந்து அவகாசத்தைத் தொலைத்தவர்கள் உண்டு.

2. கடைசி நாளைச் சரியாகக் கணக்கிடுங்கள்

அவகாசம் எப்போது தொடங்குகிறது என்பதில்தான் முதல் பொறி இருக்கிறது. சில இடங்களில் பணம் கட்டிய நொடியிலிருந்து. சில இடங்களில் வகுப்பு தொடங்கும் தேதியிலிருந்து. நேரலை வகுப்புகள் நடத்தும் நிறுவனங்கள் சில, “முதல் வகுப்புக்கு முன்பு வரை” என்றுகூட வைத்திருக்கின்றன. முதலாவதா, இரண்டாவதா, மூன்றாவதா என்று விதியில் தெளிவாக இல்லாவிட்டால், பணம் கட்டிய தேதியையே தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுத் தளங்களில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அவர்களுடைய கடிகாரம் பெரும்பாலும் யுடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. அது நம் நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கியது. சென்னையில் ஜூன் 8 அதிகாலை 1.15 மணிக்கு நீங்கள் பணம் கட்டினால், அவர்கள் பதிவில் அது ஜூன் 7 இரவு 7.45. 14 நாள் அவகாசத்தைத் தேதியை வைத்து எண்ணும் தளமாக இருந்தால் உங்கள் கடைசி நாள் ஜூன் 21. நீங்களோ ஜூன் 8 முதல் எண்ணி 22 என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். தள்ளுபடி விற்பனை நள்ளிரவில் முடியப்போகிறது என்று பார்த்து அந்த நேரத்தில் வாங்குபவர்கள் நம்மில் ஏராளம். அவர்களுக்கெல்லாம் இது பொருந்தும்.

கடைசி நாளுக்கு மூன்று நான்கு நாட்கள் முன்பாகவே கேட்டுவிடுங்கள். கோரிக்கை வைக்கும் பக்கம் அன்று திறக்காமல் போனால், மின்னஞ்சல் எழுதிப் பதிவு உண்டாக்குவதற்கு நேரம் மிஞ்சும்.

3. முடிவெடுக்கும்வரை வீடியோவை ஓடவிடாதீர்கள்

அவகாசத்துக்குள் கேட்டாலும் மறுப்பதற்கு நிறுவனங்களிடம் இருக்கும் முக்கியக் காரணம், “கோர்ஸின் பெரும்பகுதியைப் பார்த்துவிட்டீர்கள்” என்பது. யுடெமி இதைத் தன் விதியிலேயே எழுதியிருக்கிறது. பெரும்பகுதியைப் பார்த்திருந்தாலோ பதிவிறக்கியிருந்தாலோ மறுக்கலாம். எத்தனை சதவீதம் என்று விதியில் சொல்லாத தளங்கள் பல. உள்ளூர் நிறுவனங்கள் சில 20 சதவீதம், 25 சதவீதம் என்று எண்ணாகவே எழுதியிருக்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது, நீங்கள் பார்த்ததும் அவர்கள் கணினி பதிவு செய்ததும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பது. வீடியோ ஒன்று முடிந்ததும் அடுத்தது தானே ஓடத் தொடங்கும். போனை மேசையில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய் வருவதற்குள் இரண்டு மூன்று பாடங்கள் “முடிந்தது” என்று குறிக்கப்பட்டிருக்கும். பிற்பகுதி எப்படி இருக்கிறது என்று அறிய ஒவ்வொரு பாடத்தையும் திறந்து கடைசி நிமிடத்துக்கு இழுத்துப் பார்த்தாலும் அதே கதைதான். பயணத்தில் பார்க்கலாம் என்று முழுக் கோர்ஸையும் போனில் பதிவிறக்குவது எல்லாவற்றிலும் மோசம். ஒன்றுகூடப் பார்க்காவிட்டாலும் “பதிவிறக்கினார்” என்ற பதிவு அவர்கள் கையில் இருக்கும்.

எனவே வாங்கிய உடனே தானியங்கி ஓட்டத்தை நிறுத்துங்கள். முதல் இரண்டு பாடங்கள், நடுவில் ஒன்று, பாடத்திட்டம், ஆசிரியர் கேள்விகளுக்குப் பதில் தருகிறாரா என்பது ஆகியவற்றை மட்டும் பாருங்கள். கோர்ஸ் உங்களுக்கு ஏற்றதா என்று முடிவு செய்ய இவை போதும்.

4. கோரிக்கை வைப்பதற்கு முன்பே ஆவணங்களை எடுத்து வையுங்கள்

ஒப்புதல் வந்த பிறகு கோர்ஸ் பக்கம் திறக்காது. அதிலிருந்த எதையும் அப்புறம் எடுக்க முடியாது. ஆகவே இந்த வேலையை முதலில் முடித்துவிடுங்கள். செலவு ஒன்றும் இல்லை, அரை மணி நேரம் போதும்.

ஜிஎஸ்டி பில்லைப் பிடிஎஃப் ஆக இறக்கிக்கொள்ளுங்கள். பணம் கட்டிய குறுஞ்செய்தியையும், யுபிஐ செயலியில் வரும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணையும் சேர்த்து வையுங்கள். வாங்கிய நாளில் இருந்த ரீஃபண்ட் கொள்கைப் பக்கத்தைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். விற்பனையாளர் வாட்ஸ்அப்பில் “பிடிக்காவிட்டால் முழுப் பணமும் திரும்பத் தருவோம்” என்று எழுதியிருந்தால், அந்த உரையாடல் மிக மதிப்புள்ள ஆவணம். தொலைபேசியில் சொன்ன வாக்குறுதியாக இருந்தால், “இன்று பேசியபோது இப்படிச் சொன்னீர்கள்” என்று அவர்களுக்கே ஒரு செய்தி அனுப்பி எழுத்தில் கொண்டுவாருங்கள். எத்தனை சதவீதம் பார்த்தீர்கள் என்று காட்டும் பக்கத்தையும் படம் எடுங்கள். பின்னால் அவர்கள் 40 சதவீதம் என்று சொன்னால் மறுக்க உங்களிடம் இருப்பது அந்த ஒரு படம்தான்.

பிறகு, உங்களுக்குச் சொந்தமானவற்றை வெளியே எடுங்கள். தளத்தின் குறிப்பேட்டில் நீங்கள் தட்டச்சு செய்த குறிப்புகள், எழுதிக் கொடுத்த பயிற்சிகள், ஆசிரியரிடம் கேட்ட கேள்விகள் எல்லாம் உங்கள் உழைப்பு. அவற்றை நகலெடுத்துக்கொள்வதில் தவறில்லை. ஆசிரியரின் வீடியோவையும் பாடக் கோப்புகளையும் எடுத்து வைத்துக்கொண்டு ரீஃபண்ட் கேட்பது வேறு விஷயம். அதைச் செய்யாதீர்கள். அது விதிமீறல் என்பதோடு, பதிவில் தெரிந்தால் கோரிக்கையும் மறுக்கப்படும்.

5. கோரிக்கையை எழுதும் விதம்

தளத்துக்குள் ரீஃபண்ட் பொத்தான் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். பொதுவாக உங்கள் கொள்முதல் வரலாறு என்ற பக்கத்தில் இருக்கும். அதே நாளில் உதவி மைய முகவரிக்கு ஒரு மின்னஞ்சலும் அனுப்புங்கள். ஆர்டர் எண், பணம் கட்டிய தேதி, தொகை, எந்த விதியின்படி கேட்கிறீர்கள், எவ்வளவு பார்த்திருக்கிறீர்கள், பணம் எங்கே வர வேண்டும் ஆகியவை இருந்தால் போதும். கோர்ஸ் ஏன் பிடிக்கவில்லை என்று பக்கம் பக்கமாக எழுத வேண்டாம். அவகாசத்துக்குள் கேட்கும்போது காரணம் ஒரு வரியில் போதுமானது.

பணம் எங்கே வர வேண்டும் என்பதை மட்டும் நன்றாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பல தளங்கள் இரண்டு வாய்ப்புகளைக் காட்டும்: கட்டிய வழியிலேயே திரும்பப் பெறுவது, தளத்தின் கிரெடிட்டாகப் பெறுவது. கிரெடிட் உடனே வரும் என்பதால் அதைப் பெரிதாகக் காட்டுவார்கள். அதை வைத்து அந்தத் தளத்திலேயே வேறு கோர்ஸ்தான் வாங்க முடியும். ஒருமுறை கிரெடிட்டாக ஏற்றுவிட்டால் பிறகு பணமாக மாற்றித் தருவது அரிது. உடனே வேறு கோர்ஸ் வாங்கப்போகிறீர்கள் என்றால் ஒழிய, கட்டிய வழியையே கேளுங்கள்.

6. ஒப்புதல் வந்ததும் கோர்ஸ் ஏன் பூட்டப்படுகிறது?

வாங்கிய புடவையைக் கடையில் திருப்பிக் கொடுக்கும்போது புடவை முதலில் மேசைக்கு வருகிறது, அப்புறம்தான் பணம். கோர்ஸில் கையில் கொடுக்கப் பொருள் இல்லை. நீங்கள் உள்ளே நுழையும் உரிமையை நீக்குவதே அங்கே திருப்பிக் கொடுத்தல் ஆகிறது. நீங்கள் கட்டிய பணத்துக்குக் கிடைத்தது வீடியோவின் உடைமை அல்ல, பார்ப்பதற்கான உரிமம்; ரீஃபண்ட் அந்த உரிமத்தை முடித்துவைக்கிறது.

கணினியில் நடப்பது இதுதான். நீங்கள் வாங்கியபோது ஆர்டர் பதிவு ஒன்றும், அதனுடன் கட்டப்பட்ட சேர்க்கைப் பதிவு ஒன்றும் உருவாயின. கோர்ஸைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் தளம் சேர்க்கைப் பதிவைத்தான் பார்க்கிறது. உங்கள் ரீஃபண்ட் ஏற்கப்பட்டதும் ஆர்டரின் நிலை மாறுகிறது, சேர்க்கைப் பதிவு தானாக நீங்குகிறது. யாரோ ஒருவர் உட்கார்ந்து கோபத்தில் உங்களை வெளியேற்றுவதில்லை. போனில் இறக்கிய பாடங்களும் இதில் தப்புவதில்லை. செயலி இணையத்துடன் இணையும்போது உரிமம் இருக்கிறதா என்று சரிபார்க்கும். இல்லையென்றால் அவை ஓடாது.

பணம் வந்த பிறகு பூட்டினால் என்ன என்று கேட்கலாம். பணம் வந்து சேர ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். அதுவரை கதவைத் திறந்து வைத்தால், ரீஃபண்ட் உறுதியான ஒருவர் மொத்தக் கோர்ஸையும் பார்த்து முடித்துவிடலாம். நட்டப்படுவது நிறுவனம் மட்டுமில்லை. பல தளங்களில் ஆசிரியருக்கு விற்பனையில் பங்கு உண்டு. ரீஃபண்ட் ஆனால் அந்தப் பங்கும் அவருக்குப் போகாது. தனியாளாக உட்கார்ந்து பாடம் தயாரித்தவருக்கு அது நியாயமான பாதுகாப்பு என்றே நான் கருதுகிறேன்.

கோர்ஸோடு வேறு சிலவும் போகும். அதற்கான விவாதக் குழு, நேரலை வகுப்பின் இணைப்பு, உங்கள் முன்னேற்றக் கணக்கு, வழங்கப்பட்ட சான்றிதழின் சரிபார்ப்பு இணைப்பு ஆகியவை செயலிழக்கக்கூடும். சான்றிதழை வேலை விண்ணப்பத்தில் இணைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். பல கோர்ஸ்களைத் தொகுப்பாக வாங்கியிருந்தால் ஒன்றை மட்டும் திருப்ப முடியுமா, திருப்பினால் தொகுப்பு முழுவதும் பூட்டப்படுமா என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள்.

ஆக, ஒப்புதல் மின்னஞ்சலும் பூட்டப்பட்ட கோர்ஸும் ஒன்றாக வந்தால் வேலை சரியாக நடக்கிறது என்று பொருள். கவலைப்பட வேண்டியது வேறு இரண்டு நிலைகளில்: ஒப்புதல் எதுவும் வராமலே கோர்ஸ் பூட்டப்பட்டால், அல்லது ஒப்புதல் வந்து பல நாளாகியும் கோர்ஸ் திறந்தே இருந்தால். முதலாவதில் உங்கள் கணக்கையே முடக்கியிருக்கலாம். இரண்டாவதில் ரீஃபண்ட் உண்மையில் அனுப்பப்படாமல் இருக்கலாம். திறந்திருக்கிறதே என்று உள்ளே போய்ப் பார்க்காதீர்கள். அது பதிவாகும், உடனே எழுதிக் கேளுங்கள்.

7. பணம் வரும் நாட்கள்: ஒரு கணக்கு

ஆதம்பாக்கத்தில் இருக்கும் என் தோழி கிண்டியில் ஒரு கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். தரவுப் பகுப்பாய்வுக் கோர்ஸ் ஒன்றில் சேர்ந்தார். விலை 2,500 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி 450, ஆக மொத்தம் 2,950. யுபிஐ வழியாகக் கட்டினார். மேலே சொன்ன ஜூன் 8 அதிகாலை கணக்கு அவருடையதுதான். பாடங்கள் அவர் அலுவலகத்தில் இல்லாத மென்பொருளை வைத்து நடந்தன. ஜூன் 18 புதன்கிழமை, 9 சதவீதம் பார்த்திருந்த நிலையில் ரீஃபண்ட் கேட்டார்.

வெள்ளிக்கிழமை, 20ஆம் தேதி பிற்பகல் ஒப்புதல் வந்தது, கோர்ஸ் மறைந்தது. மின்னஞ்சலில் “5 முதல் 7 வேலைநாட்களில்” என்றிருந்தது. சனி ஞாயிறு கணக்கில் வராது. திங்கள் 23ஆம் தேதி முதல் நாள் என்றால், ஏழாவது வேலைநாள் ஜூலை 1 செவ்வாய். ஒப்புதல் நாளிலிருந்து எண்ணினால் பதினொரு நாட்கள் ஆகிவிடுகின்றன. “ஏழு நாள் ஆயிற்றே” என்று 27ஆம் தேதி கொதித்துப்போவதில் பயனில்லை.

தோழிக்கு 26ஆம் தேதியே பணம் வந்துவிட்டது, ஆனால் அவர் கவனிக்கவில்லை. வங்கிக் கணக்கில் கோர்ஸ் நிறுவனத்தின் பெயரைத் தேடிக்கொண்டிருந்தார். பணத்தை அனுப்பியதாகப் பதிவில் இருந்ததோ இடைநிலைப் பேமென்ட் நிறுவனத்தின் பெயர். எனவே பெயரைத் தேடாமல் தொகையைத் தேடுங்கள். அவருக்கு 2,950 முழுவதும் வந்தது. உங்களுக்கு 2,500 மட்டும் வந்தால் விடாதீர்கள். விற்பனை முழுவதும் ரத்தானால், நிறுவனம் கிரெடிட் நோட் எனப்படும் பில் திருத்த ஆவணத்தைப் போட்டு வரியையும் சரிசெய்துகொள்ள முடியும். அந்த கிரெடிட் நோட்டின் நகலைக் கேளுங்கள். வெளிநாட்டுப் பணத்தில் கார்டு வழியாகக் கட்டியிருந்தால் மட்டும் சிறிது குறையலாம். அன்றைய மாற்று விகிதமும் வங்கியின் மாற்றுக் கட்டணமும் அதற்குக் காரணம்.

கிரெடிட் கார்டில் கட்டியவர்களுக்குப் பணம் சேமிப்புக் கணக்குக்கு வராது. கார்டு கணக்கில் வரவு வைக்கப்படும். அது வந்துவிடும் என்று நம்பி அந்த மாதப் பில்லைக் கட்டாமல் இருந்துவிடாதீர்கள்.

சொன்ன நாட்கள் கடந்தும் வரவில்லை என்றால் நிறுவனத்திடம் ஒரே ஒரு விவரத்தைக் கேளுங்கள். கார்டு என்றால் ஏஆர்என் எனப்படும் 23 இலக்க எண், யுபிஐ என்றால் ரீஃபண்டின் 12 இலக்க எண். உண்மையில் அனுப்பியிருந்தால் அந்த எண் அவர்களிடம் இருக்கும். அதை வங்கியிடம் கொடுத்தால் பணம் எங்கே நிற்கிறது என்று தேடித் தருவார்கள். எண்ணைத் தர முடியவில்லை என்றால் இன்னும் அனுப்பவே இல்லை என்று கொள்ளலாம். இந்த ஒரு கேள்வியால் பத்து நாள் கடிதப் போக்குவரத்து மிச்சமாகும்.

இந்த இடைவெளியில் வங்கியிடம் போய் “இந்தப் பரிவர்த்தனையை ஏற்கவில்லை” என்று தகராறு எழுப்பாதீர்கள். ஏற்கெனவே ரீஃபண்ட் வரும் வழியில் இருக்கும்போது வங்கித் தகராறும் சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று நிறுத்திவைக்கக்கூடும். தளம் உங்கள் மொத்தக் கணக்கையும் முடக்கவும் கூடும். அப்போது அதே கணக்கில் நீங்கள் வாங்கிய மற்ற கோர்ஸ்களையும் இழப்பீர்கள்.

8. தவணைக் கடனில் சேர்ந்தவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது

கோர்ஸ் ரத்தானால் கடனும் ரத்தாகும் என்று நினைத்துவிடாதீர்கள். கடன் உங்களுக்கும் நிதி நிறுவனத்துக்கும் இடையில் உள்ளது. கோர்ஸ் நிறுவனம் மொத்தப் பணத்தையும் முன்பே வாங்கிவிட்டது. ரீஃபண்ட் ஏற்கப்பட்டதும் உங்கள் வகுப்பு பூட்டப்படும். கோர்ஸ் நிறுவனம் பணத்தை நிதி நிறுவனத்துக்குத் திருப்பி, அவர்கள் கடனை முடித்ததாகப் பதியும்வரை தவணை பிடிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். வகுப்பே இல்லையே என்று தவணையை நிறுத்தினால் அபராதம் ஏறும், உங்கள் கடன் மதிப்பெண்ணும் அடிபடும். மனம் கசந்தாலும் அந்தத் தவணையைக் கட்டிவிட்டுப் பிறகு கேட்டு வாங்குவதே பாதுகாப்பு.

டிஜிட்டல் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி ஒரு வெளியேறும் அவகாசத்தை வைத்திருக்கிறது. அசலையும் அதுவரையான நாட்களின் விகிதாசாரச் செலவையும் கட்டி, அபராதம் இல்லாமல் வெளியே வரலாம். எத்தனை நாள் என்பதை நிதி நிறுவனம் தீர்மானிக்கும். 2025 விதிகளின்படி ஒரு நாளுக்குக் குறையக்கூடாது. இது கடன் பெற்றபோது தரப்படும் முக்கிய விவர அறிக்கையில் எழுதப்பட்டிருக்கும். கோர்ஸின் அவகாசம் 14 நாளாகவும் கடனின் அவகாசம் மூன்று நாளாகவும் இருக்கலாம். குறைந்ததை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் கடன் முடிந்ததற்கான தடையின்மைச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். சில வாரங்கள் கழித்துக் கடன் அறிக்கையிலும் அது மூடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

9. மறுத்தால் அல்லது பதிலே வராவிட்டால்

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பிடிக்கவில்லை என்பதற்காக எந்தக் கோர்ஸையும் திருப்பலாம் என்று நம் நாட்டில் பொதுச் சட்டம் எதுவும் இல்லை. அந்த அவகாசம் நிறுவனம் தன் விதியில் தருவது. அது கடந்த பிறகு “மனம் மாறிவிட்டது” என்பது வாதமாகாது. ஆனால் விளம்பரத்தில் சொன்னது கோர்ஸில் இல்லை, சொன்ன நேரலை வகுப்புகள் நடக்கவில்லை, தரம் குறைவு என்றால் நிலைமை வேறு. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, அப்படிப்பட்ட சேவைக்குப் பணத்தைத் திருப்பித் தர விற்பனையாளர் மறுக்கக்கூடாது. எழுதும்போது எந்த நிலையில் நிற்கிறீர்கள் என்பதைப் பிரித்துச் சொல்லுங்கள்.

முதலில் உதவி மையத்தை விட்டுவிட்டுத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். அவர் பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது அதே விதி. அதுவும் பலிக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. நான்காவது படியில் சேர்த்த ஆவணங்களை அருகில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். புகார் எண் ஒன்று தருவார்கள். நிறுவனத்துக்கு அங்கிருந்தே செய்தி போகும். தொகை சிறியதாக இருக்கும் பல புகார்கள் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடுகின்றன. நிதி நிறுவனத்தின் மீதான குறை என்றால் அவர்களிடம் எழுதி 30 நாள் காத்திருந்த பிறகு ரிசர்வ் வங்கியின் குறைகேட்பு அதிகாரியான ஓம்புட்ஸ்மேனிடம் cms.rbi.org.in வழியாகப் புகார் செய்யலாம்.

கடைசி வழி மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனம் பெங்களூருவிலோ குருகிராமிலோ இருந்தாலும் நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் இடத்தின் ஆணையத்திலேயே வழக்குப் போட 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அனுமதிக்கிறது. சென்னைக்கு வடக்கு, தெற்கு என்று தனித்தனி ஆணையங்கள் இருப்பதால் உங்கள் பகுதி எதில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் தாக்கல் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துக்கொள்வது கட்டாயமில்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ருதி தளத்தில் இணையவழியாகவே தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும்.

10. அதே கோர்ஸை மறுபடி வாங்க நினைத்தால்

ரீஃபண்ட் வாங்கிய சில மாதங்களில் அதே கோர்ஸ் தேவைப்படுவது நடக்கிறது. தோழியின் அலுவலகத்தில் பின்னர் அந்த மென்பொருளே வந்துவிட்டது. மறுபடி வாங்கத் தடையில்லை, ஆனால் பழைய தள்ளுபடி விலை கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. பழைய முன்னேற்றமும் திரும்ப வராமல் போகலாம். முக்கியமாக, அதே கோர்ஸுக்கு இரண்டாம் முறை ரீஃபண்ட் கேட்டால் யுடெமி போன்ற தளங்கள் மறுத்துவிடும். இந்த முறை பணம் கட்டுவதற்கு முன்பே இலவச முன்னோட்டப் பாடங்களை முழுவதும் பார்த்துவிடுங்கள்.